அழுக்கு இல்லை அது: மகளின் கழுத்துக் கறுப்பும் நாங்கள் தொலைத்த ஐந்து மாதங்களும்

அன்று இரவு பத்து மணி இருக்கும். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைத் திருப்பிப் பார்த்தபடியே, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தன் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாரில் இருந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. "இன்னும் போகலப்பா" என்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

சமையலறை நாரை அவள் தானாக எடுத்து வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கழுத்தைத் தேய்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நாங்கள். அதற்கு முன்னால் மூன்று மாதம் நானும் மனைவியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் எங்களை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் என் நிறம். நல்ல கறுப்பு. பிறந்த அன்று வெளிறிய சிவப்பாக இருந்தாள். எல்லாரும் "கலரா பொறந்திருக்கா" என்று சந்தோஷப்பட்டார்கள். ஆறு மாதத்தில் அவளுடைய சொந்த நிறம் வந்தது. பிறந்த குழந்தையின் தோலில் நிறமி முழுதாக உருவாகியிருக்காது, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள்தான் அசல் நிறம் தெரியும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. "வெயில்ல காட்டிட்டீங்களா", "என்ன சோப்பு போடுறீங்க" என்று கேட்டவர்களுக்கு மனைவி ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சொல்பவர்கள் என் வீட்டு ஆட்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். கேள்வி எல்லாம் அவளிடம் போயிற்று, பதில் சொல்ல வேண்டியவன் நான். இந்தக் கணக்கு எனக்குப் புரிய ஒன்பது வருடம் ஆனது.

எட்டு வயதுக்கு மேல் மகளுக்குக் கொஞ்சம் உடம்பு போட்டது. அதோடு பின்கழுத்தில் ஒரு கறுப்பு பட்டையாக வந்தது. ஒரு குடும்ப விசேஷத்தில் என் அக்கா அவளுடைய பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, "என்னடி இது, கழுத்துல இவ்வளவு அழுக்கு? உங்கம்மா தேய்ச்சுக் குளிப்பாட்டுறதே இல்லையா? ஏற்கெனவே கலர் கம்மி, உடம்பும் இப்படிப் போட்டா நாளைக்கு எப்படி?" என்றாள். சிலர் சிரித்தார்கள். மகள் பின்னலை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, அது அழுக்குதானா என்று பார்த்தது. குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தோம், போகவில்லை. எண்ணெய் தடவி ஊற வைத்துத் தேய்த்தோம். மாவு, தயிர், எலுமிச்சை என்று ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் முயன்றோம். எலுமிச்சை போட்ட அன்று எரிகிறது என்று அழுதாள், "கொஞ்சம் பொறுத்துக்கோ, சரியாயிடும்" என்று நானே கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. தேய்க்கத் தேய்க்கத் தோல் தடித்ததே தவிர வெளுக்கவில்லை. அப்புறம் அக்காவே தனக்குத் தெரிந்த ஒருவர் பூசி "நல்லா வெளுத்ததாக" ஒரு களிம்பைச் சொன்னாள். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள். இரவில் கழுத்திலும், இருக்கட்டும் என்று முகத்திலும் பூசினோம்.

இரண்டாவது வாரமே முகம் தெளிந்த மாதிரி இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். மகளும் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தாள். ஏழு வாரம் பூசியிருப்போம். நடுவில் நான்கு நாள் வெளியூர் போனபோது களிம்பை மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, அரிப்பும் எரிச்சலும் வந்து, சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. பழையபடி பூசினால் அடங்கியது, விட்டால் கிளம்பியது. அந்த வாரத்தில்தான் குளியலறையில் அந்தப் பச்சை நாரைப் பார்த்தேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போனோம்.

அந்த மருத்துவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, "இது சில்லுனு இருக்கும், புண் இல்லாத இடத்துல மட்டும் தொடுறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, கழுத்தின் ஓரத்தில் நன்றாகத் துடைத்தார். பஞ்சைத் திருப்பி அவளிடமே காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. "பாத்தியா, இது அழுக்கு இல்ல. நீ நல்லாத்தான் குளிக்கிற" என்றார். ஐந்து மாதத்தில் பெரியவர் ஒருவர் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். குழந்தை விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். சோப்புக்குப் போகாமல் ஒட்டியிருக்கும் ஒரு வகைப் படலம் சிலருக்கு உண்டாம், அது ஸ்பிரிட் பஞ்சோடு வந்துவிடுமாம். இவளுடையது வரவில்லை. அவளுக்கு இருந்ததன் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சிலருக்கு விரல் முட்டிகளில் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அக்குளைப் பார்த்தார், அங்கேயும் இருந்தது. நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை.

காரணத்தை அவர் எளிமையாகச் சொன்னார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். அப்படி ரத்தத்தில் மிகுந்து நிற்கும் இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டி, மடிப்புள்ள இடங்களில் வேகமாகப் பெருக வைக்கிறது. அந்தத் தடிப்புதான் கறுப்பாகத் தெரிகிறது. அதனால் வெளியிலிருந்து எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உரசினால் தோல் இன்னும் தடிக்கும். இது வந்தால் சர்க்கரை நோய் என்று அர்த்தமில்லை, ஒருநாள் வரக்கூடும் என்று உடம்பு முன்கூட்டியே தட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். கறுத்த தோலுள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படும். ஒல்லியான பிள்ளைகளுக்கும் பரம்பரையாக வருவதுண்டு. சில மருந்துகளாலும் வரும். எனவே பார்த்ததும் பயப்படவும் வேண்டாம், "நம்ம வீட்டு நிறமே அப்படித்தான்" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

இதுதான் நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல நினைக்கிற முதல் விஷயம். குழந்தையின் இயல்பான நிறம் உடம்பு முழுக்கப் பரவலாக, பிறந்து சில மாதங்களிலிருந்தே அப்படியே இருக்கும். தோல் மிருதுவாக இருக்கும். வெயில் படும் இடங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கும். அதில் மருத்துவம் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் மடிப்புகளில் மட்டும், சமீபத்தில், தடிப்போடு வந்த கறுப்பு வேறு சங்கதி. விரலால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சந்தேகமாக இருந்தால் தேய்க்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாங்கள் ஐந்து மாதத்தைத் தொலைத்ததற்குக் காரணம், இந்த இரண்டையும் உறவினர்கள் ஒரே வாக்கியத்தில் கலந்து சொன்னதும், நாங்களும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டதும்தான். ஏளனமாக வந்ததால் அது அவமானமாகவே எங்களை எட்டியது. மறைக்கத்தான் பார்த்தோம், காட்டத் தோன்றவில்லை.

அடுத்து களிம்பு. அட்டையைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மருத்துவர் படித்துக் காட்டினார்: மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது நிறமியைத் தடுப்பது, மூன்றாவது தோலை உரிப்பது. பெரியவர்களுக்கு, குறிப்பிட்ட சில தோல் பிரச்சினைகளுக்கு, குறைந்த காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தரும் மருந்து. ஸ்டீராய்டு முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோலை வெளிறச் செய்வதால்தான் இரண்டே வாரத்தில் "தெளிவு" தெரிந்திருக்கிறது. நாள்பட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் சிவப்பும் எரிச்சலும் பருக்களும் கிளம்பும், மறுபடி பூசச் சொல்லும். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்பத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் மருந்து உள்ளேயும் கூடுதலாகப் போகும். யார் எதைக் கொடுத்தாலும் பூசுமுன் அட்டையில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போல "சோன்", "சால்" என்று முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். உள்ளடக்கமே எழுதாமல் டப்பாவில் வரும் வெளுப்புக் களிம்புகள் இன்னும் மோசம், அவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே பல வாரம் பூசிவிட்டீர்கள் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்வார். மகளின் கன்னம் பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது. தேய்ப்புச் சாமான், களிம்பு, பிறகு அதைச் சரிசெய்யப் போன மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அந்தப் பணத்துக்கு நான் வருந்தவில்லை.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 97. நூறுக்குக் கீழே என்பதால் அது சரி. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.8 வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-உம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். இவள் நடுவில் நின்றாள். உயரம் 134 சென்டிமீட்டர், எடை 42 கிலோ. குழந்தைக்குப் பெரியவர்களின் கணக்கைப் போடக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் குறித்துத்தான் பார்க்க வேண்டும். அதில் மேலே இருக்கும் கோட்டையும் சற்றுத் தாண்டியிருந்தாள்.

குழந்தை மருத்துவர் அந்த வரைபடத்தை எங்களிடம் காட்டினார், மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு. "இவ எடையைக் குறைக்க வேண்டாம். இதே எடையில கொஞ்ச காலம் நிக்கட்டும், உயரம் வளர்ந்து எட்டிப் பிடிச்சிடும்" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல். அதோடு ஒன்று சொன்னார்: வீட்டில் எடை என்ற பேச்சே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, பெற்றோர் பிள்ளைகளின் எடையைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்க வேண்டும், கேலி கூடவே கூடாது, குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்களாம். எடையைச் சுட்டிக்காட்டிப் பேசுவது பின்னாளில் எடை கூடுவதற்கும் பட்டினி கிடப்பது, ஒளிந்து சாப்பிடுவது போன்ற பழக்கங்களுக்கும் வழிவிடுகிறது என்றார். "நீங்க நாலு பேரும் மாறணும், அவ மட்டும் இல்ல" என்றார். அதனால் இனிப்புப் பானங்கள் வீட்டுக்குள் வருவது நின்றது, எல்லாருக்கும். தினமும் ஒரு மணி நேரம் அவளுக்குப் பிடித்த ஓட்டமோ ஆட்டமோ. இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். அவள் தட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

உடம்புப் பக்கம் இவ்வளவுதான். இதைவிடக் கஷ்டமாக இருந்தது உறவுகளைச் சமாளித்தது. அங்கே நான் நிறையத் தப்பு செய்தேன்.

முதல் தப்பு, விளக்கம் கொடுத்தது. என் சித்தி ஒருநாள் நிறத்தைப் பற்றிப் பேச, நான் மெலனின் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். எல்லா மனிதருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், அவை தயாரிக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு, வெயிலுக்கு அது காவல் என்றெல்லாம். எல்லாம் உண்மை. சித்தியும் தலையாட்டினார். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் மகள் அறையின் நடுவில் ஒரு வாதத்தின் பொருளாக உட்கார்ந்திருந்தாள். கறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி.

இரண்டாவது தப்பு, பாராட்டால் ஈடுகட்டப் பார்த்தது. "கறுப்பும் அழகுதான் தங்கம்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே கேட்டாள்: "ஏம்ப்பா 'கறுப்பும்'னு சொல்ற?" எனக்குச் சுரீரென்றது. நாம் எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறோம், ஆனால் நம் அன்பான வாக்கியங்களுக்குள்ளேயே அந்த "உம்" ஒளிந்திருக்கிறது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "உடம்பு போட்டிருந்தாலும் சுறுசுறுப்பா இருக்கா." இருந்தாலும், இருந்தாலும். நிறத்தைக் "கம்மி" என்று அளந்து சொல்கிறோம், ஏதோ பையில் குறைந்துபோன பொருள் மாதிரி. "கலர்" என்றாலே வெளுப்பு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஈடுகட்டும் பாராட்டை விட்டுவிட்டோம். கறுப்பு என்ற சொல்லை ஒளிப்பதும் இல்லை. அவள் முடி, அவள் உயரம், அவள் நிறம் மூன்றும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. "நீயும் நானும் கறுப்பு, அம்மா மாநிறம்", அவ்வளவுதான், பின்னால் எந்த "ஆனால்" வராது. நான் கறுப்பாக இருக்கும் பழைய படங்களை எடுத்துச் சுவரில் மாட்டினோம். அவள் அதிகம் பார்த்தது அவற்றைத்தான்.

மூன்றாவது தப்பு, கூட்டத்தில் கத்தியது. அப்படிக் கத்தியபோது எல்லாரும் எதிராளியைச் சமாதானப்படுத்தப் போனார்கள், மகள் தன்னால்தான் சண்டை என்று நினைத்து அன்று இரவு மன்னிப்புக் கேட்டாள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த இடத்தில் அதற்கு விலை கொடுத்தது அவள்.

பலன் தந்தது என்ன என்றால், நிகழ்ச்சிக்கு முன்னாலேயே, தனியாக, அந்தந்த வீட்டு ஆள் பேசியது. என் பக்கத்து உறவுக்கு நான், மனைவி பக்கத்து உறவுக்கு மனைவி. மருமகள் சொன்னால் அது வாய்த்துடுக்கு, தம்பி சொன்னால் பேச்சு. இது நியாயமா என்றால் இல்லை. ஆனால் குழந்தையைக் காக்கும் நேரத்தில் எது வேலை செய்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு போன் செய்தேன். முதல் நாளே எழுதி வைத்துப் படித்த வாக்கியம் இது: "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். பாப்பாவோட நிறம், உடம்பு, கழுத்து இதைப் பத்தி இனிமே அவ காதுபடப் பேசாதீங்க. டாக்டர்கிட்டப் பாத்துக்கிட்டிருக்கோம். ஏதாவது தோணினா எனக்கு போன் பண்ணுங்க, நான் கேட்டுக்கிறேன்." காரணம், மருத்துவப் பெயர், எண் எதையும் சொல்லவில்லை. அது மகளின் சொந்த விஷயம். தவிர, சொல்லியிருந்தால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அடுத்த வீட்டில் பேச்சு ஓடியிருக்கும்.

அக்கா முதலில் கோபப்பட்டாள். "நான் என்ன அந்நியமா? நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாள். "நல்லதுக்குத்தான்னு தெரியும்க்கா. ஆனா அவ ராத்திரி பாத்திர நாரை வெச்சுக் கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டிருந்தா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "என்னையும் அப்படித்தான்டா சொல்லிச் சொல்லி வளத்தாங்க. ஸ்கூல் போற வரைக்கும் முகத்துல மாவு அப்பியே விடுவாங்க" என்றாள். அக்காவும் என் நிறம்தான். நாற்பது வருடமாக அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று அவளும் அழுதாள். அதற்காக அவள் மறுநாளே மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சந்திப்பில் "கொஞ்சம் வாடின மாதிரி இருக்கு, நல்லது" என்று ஆரம்பித்தாள். "அக்கா, அந்தப் பேச்சு வேண்டாம்" என்று ஒரே வரி, சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, அவளுடைய மகன் படிப்பைப் பற்றிக் கேட்டேன். எடை குறைந்ததைப் புகழ்வதும் எடையைப் பற்றிய பேச்சுதான், அதையும் நிறுத்த வேண்டும். மூன்றாவது முறை வேறொரு பெரியவர் விடாமல் பேசியபோது, "நாங்க கிளம்புறோம், இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்துவிட்டோம். சண்டை இல்லை, விளக்கமும் இல்லை. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

தடுத்துச் சொல்வது மகளின் காதில் விழ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் முன்கூட்டிச் சொல்வது தனியாக, ஆனால் அந்த இடத்தில் யாராவது மீறினால் தடுக்கும் ஒரு வரியை அவள் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்பா சிரிக்கவில்லை, அப்பா கைப்பேசியைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அன்று இரவே அவளிடம் பேச வேண்டும். நான் "அவங்க சொன்னதைக் கண்டுக்காதே" என்று ஆரம்பித்தேன், அது வேலைக்காகவில்லை, அவள் கண்டுகொண்டுவிட்டாள். "அத்தை அப்படிச் சொன்னப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் சரியாக வந்தது. ஒருநாள் இருபது நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது. "எனக்கே என் கழுத்து பிடிக்கலப்பா."

நாங்கள் இல்லாத இடத்துக்கு என்ன செய்வது என்பது அவளுடைய கேள்வி. இரண்டு வழி வைத்துக்கொண்டோம். ஒன்று, "என் உடம்பைப் பத்திப் பேசினா எனக்குப் பிடிக்காது அத்தை" என்று சொல்வது. இன்னொன்று, ஒன்றுமே சொல்லாமல் எழுந்து எங்களிடம் வந்துவிடுவது, அப்படி வந்தால் அது மரியாதைக் குறைவு இல்லை என்று நாங்கள் வாக்குக் கொடுத்தோம். நான் அத்தை மாதிரியும், மாமா மாதிரியும் பேச, அவள் பதில் சொல்லிப் பழகினாள். முதல் வாரம் குரலே எழும்பவில்லை. இதுவரை இரண்டாவது வழியைத்தான் அதிகம் எடுத்திருக்கிறாள். அது போதும். பெரியவர்களைத் திருத்தும் வேலை பத்து வயதுப் பிள்ளையுடையது இல்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பிள்ளை கண்ணாடியைத் தவிர்ப்பது, புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை கேட்பது, படம் எடுக்கும்போது பின்னால் போய் நிற்பது, சாப்பாட்டை ஒளிப்பது, தோலைத் தேய்ப்பது என்று ஏதாவது தெரிந்தால், அது வெறும் வெட்கம் என்று விடாதீர்கள். எங்கள் மகள் நான்கு மாதமாகக் காலர் வைத்த சட்டை மட்டும்தான் போட்டாள், நீச்சல் வகுப்புக்குத் தலைவலி சொன்னாள். நாங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகரிடம் ஆறு முறை போனோம். இன்னும் முன்னாலேயே போயிருக்கலாம்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. உயரம் 140, எடை 43, வரைபடத்தில் அந்த மேல் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டாள். ஹெச்பிஏ1சி 5.5. கழுத்தின் தடிப்பு ஏறக்குறைய போய்விட்டது. கறுப்பு கொஞ்சம் இருக்கிறது, இருந்தாலும் இருக்கட்டும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார், முழுதாகப் போகாமலும் இருக்கலாமாம். போன வாரம் நீச்சலுக்குப் போகும்போது வாசலில் நின்று, "அம்மா, முடியைத் தூக்கிக் கட்டிவிடு, தொப்பிக்குள்ள போகணும்" என்றாள். மனைவி கட்டிக்கொண்டிருக்கும்போது பின்கழுத்து முழுக்கத் தெரிந்தது. அவள் கையில் கண்ணாடி எதுவும் இல்லை. "சீக்கிரம்மா, லேட்டாகுது" என்றாள்.